மலையோர வீட்டுக்கு எந்த சோலார் விளக்கு? பேட்டரியும் வாரண்டியும் வைத்து ஓர் ஒப்பீடு

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர் பக்கத்து வீடுகளில் கரண்ட் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆனி, ஆடியில் காற்றும் சாரலும் பிடித்துக்கொண்டால் எங்காவது ஒரு மரம் கம்பிமேல் சாயும். லைன்மேன் வந்து சரிசெய்து முடிக்க ஒரு ராத்திரி ஆகலாம், மூன்று ராத்திரியும் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கதைதான். அதனால் சந்தைச் சாமான் வாங்கக் கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டு உடுமலைக்கு இறங்குகிறவர்கள் சோலார் விளக்கையும் விசாரிக்கிறார்கள். என் பழுதுக் கடைக்கு வருகிறவர்களும், எழுதிக் கேட்கிறவர்களும் கேட்பது ஒன்றுதான்: கைலாந்தர் வாங்குவதா, மூன்று பல்பும் பேனலும் கொண்ட கிட் வாங்குவதா? லித்தியம் என்று கூடுதல் விலை சொல்கிறார்களே, அந்தப் பணத்துக்கு அது உழைக்குமா?

பல்பையும் பேனலையும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நல்ல எல்.இ.டி. பல வருஷம் எரியும், பேனல் அதைவிடவும் நாள் இருக்கும். முதலில் சாவது பேட்டரிதான். வாரண்டி அட்டையில் எல்லாவற்றுக்கும் கடைசியில், பொடி எழுத்தில் இருப்பதும் அதுதான்.

## முதலில் நான்கு கேள்விகள்

தினமும் எரிக்கப் போகிறீர்களா, கரண்ட் போனால் மட்டுமா? எல்லாக் கணக்கும் இங்கேதான் பிரிகிறது. தினமும் எரிக்கிற வீட்டில், பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்கத் தாங்கும் என்பது முக்கியம். எப்போதாவது எரிக்கிற வீட்டில், சும்மா கிடக்கும்போது அது கெடாமல் இருக்குமா என்பதே முக்கியம். இந்த இரண்டும் வேறு வேறு குணங்கள். ஒன்றில் தேறுகிற பேட்டரி மற்றதில் தோற்கலாம்.

வெயில் இல்லாமல் தொடர்ந்து எத்தனை நாள்? மறையூர்ப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி, அங்கே வெயில் பரவாயில்லை. மேலே காந்தளூரில் மஞ்சு மூடினால் பேனல் நாள் முழுவதும் வெளியே இருந்தும் கால்வாசி கூடத் தராது.

பேட்டரி போனால் யார் மாற்றுவார், எங்கே கிடைக்கும்? மறையூரிலிருந்து உடுமலை நாற்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் சின்னார்க் காடு. ஒரு பேட்டரிக்காகப் போய்வந்தால் பஸ் கூலியோடு ஒரு நாள் வேலையும் போகும். விளக்கின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வாரண்டி எதற்கு? விளக்குக்கா, பேனலுக்கா, பேட்டரிக்கா? மூன்றுக்கும் ஒரே காலம் என்று நினைத்துவிடாதீர்கள்.

## லேபிளில் உள்ள வோல்ட்டே ஜாதகம்

பெட்டியில் ‘ரீசார்ஜபிள்’ என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே என்ன பேட்டரி என்று தெரியாது. கடைக்காரருக்கும் பல நேரம் தெரியாது. பின்பக்கத்து லேபிளில் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள், வகை தெரிந்துவிடும்.

| பேட்டரி | லேபிளில் வோல்ட் | தினமும் எரித்தால் | சும்மா கிடந்தால் | மாற்று கிடைப்பது |
|---|---|---|---|---|
| ஈய-அமிலம் (லெட் ஆசிட்) | 4, 6, 12 | ஒன்று முதல் ஒன்றரை வருஷம் | சார்ஜ் ஏற்றாமல் விட்டால் மாதங்களில் கெடும் | சிறிய ஊரிலும் கிடைக்கும் |
| லித்தியம் அயான் | 3.7, 7.4, 11.1 | ஒன்றரை வருஷம் அளவில் | தாங்கும், சூட்டில் தேயும் | கிடைக்கும், போலி அதிகம் |
| லித்தியம் அயர்ன் பாஸ்பேட் | 3.2, 6.4, 12.8 | ஐந்து வருஷம் அளவில் | நன்றாகத் தாங்கும் | பெரிய ஊரில், அல்லது கம்பெனியிடம் |

நிக்கல் பேட்டரி (ஒரு செல் 1.2 வோல்ட்) தோட்டத்து விளக்கு, சிறு படிப்பு விளக்கு போன்றவற்றில் வரும். வீட்டு வெளிச்சத்துக்கு அதை நம்பி வாங்க வேண்டியதில்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

## ஈய-அமில லாந்தர்

கையில் எடுத்தாலே கனக்கும். விலை குறைவு. முன்பு எமர்ஜென்சி லைட் என்று வாங்கியதெல்லாம் பெரும்பாலும் இதுதான், இப்போது ஒரு சின்ன பேனல் சேர்ந்திருக்கிறது.

இதன் நோய் ஒன்றே. முழுதாகச் சார்ஜ் ஏறாமல், பாதி வயிற்றோடு நாள் கணக்கில் கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு வெயிலில் வைத்தாலும் அந்த இடம் திரும்ப வேலை செய்யாது. நம் மஞ்சுக் காலம் இந்த நோய்க்கென்றே வந்தது போன்றது. சாயங்காலம் எரிக்கிறோம், காலையில் மஞ்சு, அரைகுறைச் சார்ஜ், மறுபடி எரிக்கிறோம். ஒரு பருவம் இப்படிப் போனால் போதும், பேட்டரி பாதியாகிவிடும்.

கீழாந்தூரிலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்த லாந்தரைச் சொல்கிறேன். வாங்கி ஏழாவது மாதம். “ஆறு மணிக்குப் போட்டா ஏழு மணிக்குள்ள மங்கிருது தம்பி” என்றார். திறந்தால் உள்ளே 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி, பக்கங்கள் லேசாக உப்பியிருந்தன, கம்பி சேரும் முனையில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் 1.8 வோல்ட். பல்பும் பேனலும் நன்றாகவே இருந்தன. வாரண்டி அட்டையின் முன்பக்கம் பெரிதாக ‘ஒரு வருடம்’. பின்பக்கம் ‘பேட்டரிக்கு ஆறு மாதம்’. சண்டை போட இடமில்லை. அதே அளவு புதுப் பேட்டரி மறையூரிலேயே கிடைத்தது, மாற்றிக் கொடுத்தேன். எரிகிறது. ஆனால் அடுத்த ஆடிக்குப் பிறகு திரும்ப வரும் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

இதை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் பெரும்பாலான நாள் கரண்ட் இருக்கிறது, லாந்தரில் பிளக் பாயிண்ட்டில் சார்ஜ் போடும் வசதியும் இருக்கிறது, மாதம் ஒருமுறை மறக்காமல் முழுசாக ஏற்றிவைக்க ஆள் உண்டு என்றால் இது போதும். கையில் பணம் குறைவாக இருக்கும் வீட்டுக்கு, நம்மூரிலேயே மாற்றிக்கொள்ளக்கூடிய பேட்டரி ஒரு பெரிய நிம்மதி. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அடிப்பக்கம் ஸ்க்ரூ இருக்க வேண்டும், ஒட்டி மூடிய பெட்டியானால் பேட்டரி மாற்ற உடைக்கத்தான் வேண்டும். அடுத்து, கடையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6 வோல்ட் பேட்டரி 6.3க்கு மேல் காட்ட வேண்டும். 6க்குக் கீழே என்றால் அலமாரியில் கிடந்தே அது நோயாளியாகிவிட்டது, புது டப்பா என்று ஏமாற வேண்டாம்.

## லித்தியம் அயான் லாந்தர்

லேசாக இருக்கும், கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். தோட்டத்தில் பன்றிக் காவலுக்கும், வெளியே இருக்கும் கழிவறைக்கும், மாட்டுக் கொட்டகைக்கும் இதுதான் வசதி. ஈய-அமிலத்தைப் போல அரைச் சார்ஜில் கிடப்பதால் இதற்குக் கெடுதல் இல்லை. சொல்லப்போனால் பாதிச் சார்ஜில் எடுத்துவைப்பதே இதற்கு நல்லது.

எதிரி சூடுதான். முதுகில் பேனல் பதித்த லாந்தரைச் சித்திரை வெயிலில் கூரைத் தகரத்தின் மேல் வைத்தால் உள்ளே இருக்கும் செல்லும் சேர்ந்து வேகும். காந்தளூர்க் குளிரில் அவ்வளவு தொந்தரவில்லை. பள்ளத்தாக்கிலும், கீழே சமவெளியிலும் இருப்பவர்கள் பேனல் தனியாக, வயரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். பேனல் வெயிலில் இருக்கட்டும், விளக்கு நிழலில் இருக்கட்டும்.

இரண்டாவது தொல்லை போலி. கட்டைவிரல் அளவில் உருளையாக வரும் 18650 செல்லில், இன்று கிடைக்கும் நல்ல தயாரிப்பிலேயே 3500 எம்.ஏ.எச். அளவுதான் கொள்ளும். அதன்மேல் 9900 என்று அச்சடித்து விற்றால் அது பொய், சந்தேகமே வேண்டாம். நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே, நல்ல செல்லுக்கும் வெற்றுக்கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதி தெரிந்துவிடும். முறையான பேட்டரியில், மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். கொடுத்த பதிவு எண் இருக்கும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கமும். லித்தியம் செல்லுக்கான தரம் ஐ.எஸ். 16046. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். பேர் பொருந்தவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு நல்ல லித்தியம் அயான் செல் முழுதாக ஏறி இறங்க 300 முதல் 500 தடவை தாங்கும். தினமும் முழுசாக வடியும்வரை எரித்தால் ஒன்றரை வருஷத்துக்குள் தளர்ச்சி தெரியும். கரண்ட் போகிற இரவுகளில் மட்டும் எரித்தால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை, நான்கு வருஷம் கூடப் போகும். அதனால் அவசரத்துக்கு மட்டும் ஒரு விளக்கு வேண்டும் என்கிறவர்களுக்கு, கூடுதல் விலை கொடுத்து அடுத்த வகைக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

## லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கிட்

தினமும் எரிக்கிற வீட்டுக்கு என் மனதில் இருப்பது இதுதான். லைன் இன்னும் வராத தோட்டக் குடிசை, கரும்பு ஆலைக் கொட்டகை, மலைச்சரிவில் தனியாக நிற்கும் வீடு, இவற்றுக்கெல்லாம். 2000 தடவைக்கு மேல் ஏறி இறங்கும். சூட்டை மற்ற லித்தியத்தைவிட நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. அரைச் சார்ஜிலும் கெடாது.

ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அடுப்படியில் 3 வாட் பல்பு நான்கு மணி நேரம், முன்னறையில் அதேபோல ஒன்று, வாசலில் 1 வாட் விளக்கு பத்து மணி நேரம். வாட்டையும் மணி நேரத்தையும் பெருக்கினால் 12, 12, 10, ஆக ஒரு ராத்திரிக்கு 34 வாட்-அவர்.

பேட்டரிக்கு வோல்ட்டையும் ஏ.எச். எண்ணையும் பெருக்க வேண்டும்: 12.8 வோல்ட், 6 ஏ.எச். பாஸ்பேட் பேட்டரியில் 77 வாட்-அவர் இருக்கும். அதில் 65 வரை தயங்காமல் எடுக்கலாம். வெயிலே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு ராத்திரி. ஈய-அமிலத்தில் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரியில் எழுத்தளவில் 84 இருக்கிறது, இதைவிடக் கூடுதல்தான். ஆனால் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுசு குறையும் என்பதால் கைக்கு வருவது 42, ஒரு ராத்திரியும் கொஞ்சமும். கடையில் ஏ.எச். எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறிப்போவது இந்த இடத்தில்தான். அதே இரண்டு ராத்திரியை ஈய-அமிலத்தில் வாங்க வேண்டுமென்றால் 12 ஏ.எச். பேட்டரி போட வேண்டும், அப்போது விலை வித்தியாசம் பாதி கரைந்துவிடும். மிச்சப் பாதியை இரண்டாவது பேட்டரி வாங்கும் நாளில் கொடுத்துவிடுவீர்கள்.

பேனலையும் இதோடு பாருங்கள். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று வைத்து, வழியில் போகும் நஷ்டத்துக்கு முப்பது சதவீதம் தள்ளினால், 20 வாட் பேனல் 56 வாட்-அவர் தரும். அன்றைய செலவு 34 போக 22 மிஞ்சும். மஞ்சில் காலியான பேட்டரி மூன்று நல்ல நாளில் நிறைந்துவிடும். 10 வாட் பேனலோடு வரும் கிட் 28தான் தரும், தினச் செலவுக்கே காணாது. இப்படி விலை குறைத்த கிட்டுகள் நிறைய வருகின்றன. பேட்டரி மோசம் என்று அதைக் கொண்டுவருகிறவர்களிடம், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, பட்டினி கிடக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு மாற்றுப் பேட்டரி. உள்ளூரில் கிடைக்காது. கிடைத்தாலும் வோல்ட் தெரியாமல் மாற்றினால் ஆபத்து. பாஸ்பேட் செல் 3.65 வோல்ட்டில் நிறையும், சாதா லித்தியம் அயான் 4.2 வோல்ட்டில். பாஸ்பேட்டுக்கான விளக்கில் சாதா லித்தியம் போட்டால் முழுசாகவே ஏறாது, எப்போதும் மங்கல். மாற்றிச் செய்தால், அதாவது 4.2 வரை ஏற்றும் விளக்கில் பாஸ்பேட் போட்டால், செல் அளவுக்கு மீறி ஏறி உப்பும். யாராவது ‘லித்தியம்னா எல்லாம் ஒண்ணுதாண்ணே’ என்று சொன்னால் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஞ்சில் ஒரேயடியாக வடிந்துவிட்டால் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துவிடும். சுவிட்ச் போட்டால் ஒன்றும் வராது. செத்துவிட்டது என்று பையில் போட்டுக் கிளம்ப வேண்டாம். பேனலை இணைத்து ஒரு நல்ல வெயில் காட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

## வாரண்டி அட்டையை எப்படிப் படிப்பது

‘25 வருட வாரண்டி’ என்று பெட்டியில் இருந்தால் அது பேனலுக்கு. பேட்டரி என்ற சொல் எங்கே வருகிறது என்று அட்டையில் தேடுங்கள். தனியாக மாதம் போட்டிருந்தால் அதுதான் உண்மையான வாரண்டி. பேட்டரி என்ற சொல்லே இல்லாமல் ‘தேய்மானப் பொருட்கள் நீங்கலாக’ என்றிருந்தால் பேட்டரிக்கு வாரண்டி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை ஒப்பிடுவது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சின்ன சோலார் விளக்குகளுக்கான உலகத் தரத்தை இப்போது நடத்தும் அமைப்பு வெராசோல். அதன் விதிப்படி கைலாந்தர் வகைக்குக் குறைந்தது ஒரு வருஷம், கிட்டின் பேட்டரியோடு சேர்ந்த முக்கியப் பெட்டிக்குக் குறைந்தது இரண்டு வருஷம் வாரண்டி வேண்டும். தேறிய மாடல்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத மாடல் எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் பாஸ்பேட் என்று சொல்லி விலையும் வாங்கிக்கொண்டு, பேட்டரிக்கு ஆறு மாதம்தான் தருகிறார் என்றால், உள்ளே இருப்பது என்ன என்ற சந்தேகம் எனக்கு வரும். ஐந்து வருஷம் உழைக்கும் பொருளுக்கு இரண்டு வருஷம் பொறுப்பேற்க யாரும் தயங்க மாட்டார்கள்.

அட்டை இருந்தும் தோற்கிறவர்கள் பெரும்பாலும் நிரூபிக்க முடியாமல் தோற்கிறார்கள். ‘முன்ன மாதிரி எரியல’ என்று சொன்னால் கடையில் சுவிட்ச் போட்டுக் காட்டி, எரிகிறதே என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாங்கிய வாரத்தில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, அதிக வெளிச்சத்தில் வைத்து, அணையும்வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். தேதியோடு பில்லின் பின்னால் எழுதிவையுங்கள். வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் அதையே திரும்பச் செய்யுங்கள். எட்டு மணி நேரம் எரிந்தது நான்கு மணி நேரத்தில் அணைந்தால், செல்போனில் கடிகாரத்தோடு படம் எடுத்துக்கொண்டு போங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

எல்லை தாண்டி வாங்குகிறவர்கள் பில்லில் கேரள முகவரியையே எழுதச் சொல்லுங்கள், பேட்டரி வகையையும் சேர்த்து. சர்வீஸ் எங்கே, பொருளை அனுப்பும் செலவு யாருக்கு என்றும் கேளுங்கள். விலை குறைந்த லாந்தரில் இரண்டு முறை கூரியர் செலவு உங்கள் தலையில் என்றால் அந்த வாரண்டி காகிதத்தோடு சரி.

உடுமலையில் வாங்கியதற்கு உடுமலையில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பில் எண், வாங்கிய தேதி, மாடல் பெயர், நீங்கள் குறித்துவைத்த மணிக்கணக்கு, இந்த நான்கும் கையில் இருந்தால் போதும்.